எக்ஸ்ரேயில் தெரியாத கல்

சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவை. கால்சியம் இருப்பதால் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். யூரிக் அமிலக் கல்லில் கால்சியம் கிடையாது. அது பெரிதாக வளர்ந்திருந்தாலும் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது. அறுவை சிகிச்சைத் தேர்வுகளில் இந்தக் கல் அடிக்கடி வருவதற்குக் காரணம் உண்டு: கருவியே இல்லாமல் மருந்தால் கரைக்கக்கூடிய கல் இது.

தேர்வில் வரும் நோயாளி ஏறக்குறைய இப்படி இருப்பார். வயது 50, பருத்த உடல், சர்க்கரை நோய். வலது விலாவுக்குக் கீழே வலி. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. ஸ்கேனில் மட்டும் சிறுநீரகத்துக்குள் 14 மி.மீ. கல் தெரிகிறது. சிறுநீரின் பி.எச். 5.

இந்த 5 என்ற எண்தான் முதல் துப்பு. பி.எச். 5.5-க்குக் கீழே இறங்கினால் யூரிக் அமிலம் கரையாமல் படிகமாகிவிடும். சர்க்கரை நோயும் உடல் பருமனும் உள்ளவர்களுக்குச் சிறுநீர் இப்படி அமிலமாக இருப்பது வழக்கம். அடுத்து, சாயம் செலுத்தாத சி.டி. ஸ்கேன். எக்ஸ்ரேக்குத் தப்பிய யூரிக் அமிலக் கல் இதில் தப்பாது. கல்லின் அடர்த்தியையும் அது ஹவுன்ஸ்ஃபீல்டு அலகில் காட்டும். யூரிக் அமிலக் கல் பொதுவாக 500-க்குக் கீழே நிற்கும். கால்சியம் ஆக்சலேட் கல் 1000-ஐத் தாண்டுவதும் உண்டு. இந்த நோயாளிக்கு 420.

அடைப்பும் தொற்றும் இல்லாவிட்டால் இவருக்குப் பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்துப் பார்க்கலாம். சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடும். பி.எச்.-ஐ 6.5-க்கும் 7-க்கும் இடையில் நிறுத்துவதே குறி. நோயாளியே வீட்டில் சோதனைத் தாளால் அளந்து பார்க்கலாம். 7-ஐத் தாண்டவிட்டால் கல்லின்மேல் கால்சியம் பாஸ்பேட் படிந்து, கரைவது நின்றுபோகும். சில மாதங்கள் பொறுத்து மறுபடி ஸ்கேன் எடுத்தால் கல் சுருங்கியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

இதே 14 மி.மீ. கல்லின் அடர்த்தி 1200 என்று வந்திருந்தால் வழி வேறு. மாத்திரை அதைக் கரைக்காது. வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்தாலும் அவ்வளவு கெட்டியான கல் எளிதில் உடையாது. சிறுநீர்ப் பாதை வழியாக வளையும் குழாயைச் செலுத்தி லேசரால் உடைப்பதே அங்கே பொருத்தம். கல் 2 செ.மீ.-க்கு மேல் போனால், முதுகுப் பக்கம் சிறு துளையிட்டு எடுப்பதுதான் வழக்கமான முதல் தேர்வு.

கல் சிறுநீர்க் குழாயை அடைத்து, கூடவே குளிர் காய்ச்சலும் வந்துவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் ஒத்திப்போகும். அது அவசரநிலை. கல் எந்த வகையாக இருந்தாலும் அன்றைக்கு அதைத் தொடக் கூடாது. ஆன்டிபயாடிக் தொடங்கி, ஸ்டென்ட் வைத்தோ சிறுநீரகத்துக்கு நேராகக் குழாய் போட்டோ தேங்கிய சிறுநீரை உடனே வடிக்க வேண்டும். கரைப்பதா உடைப்பதா என்பதை, தொற்று முழுதும் அடங்கிய பிறகே முடிவு செய்ய வேண்டும்.