‘தெளிவாக எழுது’ என்றால் எவ்வளவு தெளிவு?

எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தும் தோழி ஒருவர், பிள்ளைகளை ஊர்க் குளத்துக்கு அழைத்துப்போய்க் கள ஆய்வு அறிக்கை எழுதவைக்கத் திட்டமிட்டிருந்தார். எதைப் பார்த்து மதிப்பெண் போடுவார் என்பதை ஒரே பத்தியாக எழுதி வைத்திருந்தார்:

“குளத்தில் பார்த்ததைச் சொந்த நடையில் எழுத வேண்டும். ஐந்து உயிரினங்களாவது இடம்பெற வேண்டும். அவை ஒன்றையொன்று எப்படிச் சார்ந்துள்ளன என்று விளக்க வேண்டும். படம் வரைந்து பாகம் குறிக்க வேண்டும். தெளிவாக, பிழையில்லாமல், அழகான கையெழுத்தில் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் தர வேண்டும். 20 மதிப்பெண்.”

எழுதியவருக்கு இதில் குழப்பமே இல்லை. நாற்பது நோட்டுகளைத் திருத்த உட்காரும்போதுதான் வினை. முதல் நோட்டில் எதைத் ‘தெளிவு’ என்று எடுத்துக்கொண்டோமோ, முப்பதாவது நோட்டில் அது நினைவில் இருக்காது. “அவளுக்குப் பதினைந்து, எனக்கு ஏன் பன்னிரண்டு?” என்று ஒரு பிள்ளை வந்து நின்றால் பதில் சொல்வதும் கஷ்டம்.

திருத்துபவர் ஒருவருக்கு மேல் போனால் நிலைமை இன்னும் மோசம். 1961-இல் அமெரிக்காவின் எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸ் நிறுவனத்தில் பால் டீடரிக்கும் அவர் சகாக்களும் 300 மாணவர் கட்டுரைகளை 53 பேரிடம் கொடுத்தார்கள். ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள், பத்திரிகை ஆட்கள் எனப் பலரும் அதில் இருந்தார்கள். எதை வைத்து மதிப்பிடுவது என்று சொல்லாமல், ஒன்பது தரங்களாகப் பிரிக்க மட்டும் கேட்டார்கள். 101 கட்டுரைகள் ஒன்பது தரங்களையுமே வாங்கின. அதே கட்டுரை ஒருவர் கையில் முதல் தரம், இன்னொருவர் கையில் கடைசித் தரம்.

இதற்கு மருந்தாகப் பள்ளிகளில் வந்ததுதான் ரூப்ரிக் என்னும் அட்டவணை. (சிவப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர், வாத்தியார் கைப் பேனாவுக்குப் பொருத்தம்தான்.) இடப்பக்கம் எதைப் பார்க்கிறோம் என்ற கூறுகள், மேலே நிலைகள், கட்டங்களுக்குள் ஒவ்வொரு நிலையிலும் வேலை எப்படி இருக்கும் என்ற விவரிப்பு.

நாங்கள் இருவரும் பத்தியை முதலில் பிய்த்துப் போட்டோம். ‘வெள்ளிக்கிழமைக்குள்’ உடனே வெளியேறியது. அது செய்தாயா இல்லையா என்ற விதி, அதில் நிலைகள் கிடையாது. கையெழுத்தில்தான் வாக்குவாதம். “டீச்சர், கோணல் எழுத்துக்காரனுக்குக் குளம் புரியவில்லை என்று ஆகிவிடுமா?” என்றேன். கொஞ்சம் யோசித்து, “படிக்க முடிந்தால் போதும்” என்றார். ‘சொந்த நடை’ என்று எதைச் சொன்னார் என்று கேட்டபோது, நடையை அல்ல, பாடநூலைப் பார்த்து எழுதாமல் தானே கண்டதை எழுதுவதைத்தான் சொல்லியிருக்கிறார் என்று தெரிந்தது. முடிவில் நான்கு கூறுகள் நின்றன: கவனித்துப் பதிதல், சார்பை விளக்குதல், படம், எழுத்து.

கட்டங்களை நிரப்புவதில் எல்லாரும் விழும் குழிகள் இரண்டு. இரண்டிலும் விழுந்து எழுந்தோம். முதல் வரைவில் ‘மிக நன்றாகக் கவனித்துள்ளார், நன்றாகக் கவனித்துள்ளார், ஓரளவு கவனித்துள்ளார்’ என்று போனது. பழைய பத்தியைத்தான் கட்டங்களுக்குள் அடைத்திருந்தோம். ‘நன்றாக’ என்றால் என்ன என்ற கேள்வி அப்படியே இருந்தது. சரி, எண்ணிக்கையில் பிடிப்போம் என்று ஐந்து உயிரினம், நான்கு, மூன்று என்று மாற்றினோம். தவளை, மீன், கொக்கு, பாம்பு, தாமரை என்று வீட்டில் உட்கார்ந்தே எழுதிவிடுகிற பிள்ளைக்கு முழு மதிப்பெண் கிடைத்துவிடும். தும்பி வாலால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு முட்டையிடுவதைக் கவனித்து எழுதிய பிள்ளை பின்னால் போய்விடும்.

வழி பழைய நோட்டுகளில் கிடைத்தது. போன வருட அறிக்கைகளை, மதிப்பெண்ணைப் பார்க்காமல், மனதுக்குப் பட்டபடி நான்கு குவியலாகப் பிரித்தோம். பிறகு, இந்தக் குவியலில் இருப்பது அந்தக் குவியலில் ஏன் இல்லை என்று பார்த்தோம். நல்ல நோட்டுகளில் உயிரினத்தின் பெயருக்குப் பக்கத்தில் அது எங்கே இருந்தது, என்ன செய்தது என்று இருந்தது.

எழுதும் வரிசையும் முக்கியம். எதிர்பார்த்த நிலையை, அதாவது மூன்றாவது கட்டத்தை, முதலில் எழுதினோம். அடுத்து முதல் நிலை. அங்கே ‘இல்லை, இல்லை’ என்று அடுக்காமல், தடுமாறும் பிள்ளையின் நோட்டில் உண்மையில் என்ன இருக்கிறது என்று எழுதினோம். நான்காவது நிலைக்கு மூன்றாவதையே கூட்டிச் சொல்வது போதாது. வேறு வகையான ஒன்றைக் கேட்க வேண்டும்.

| | 1. தொடக்கநிலை | 2. வளர்நிலை | 3. எதிர்பார்த்த நிலை | 4. மிஞ்சிய நிலை |
|---|---|---|---|---|
| கவனித்துப் பதிதல் | உயிரினங்களின் பெயர்கள் உள்ளன. குளத்துக்குப் போகாமலே எழுதக்கூடியவை | சிலவற்றை எங்கே பார்த்தார் என்று உள்ளது | ஐந்து உயிரினங்களை எங்கே பார்த்தார், அவை என்ன செய்தன என்று உள்ளது | அதோடு, கண்டது எது, ஊகித்தது எது என்று பிரித்துக் காட்டுகிறார் |
| சார்பை விளக்குதல் | உயிரினங்களைத் தனித்தனியே விவரிக்கிறார் | எது எதைத் தின்னும் என்று ஒரு சங்கிலி உள்ளது | உணவு தவிர நிழல், இருப்பிடம் போன்ற ஒரு சார்பையும் காரணத்தோடு சொல்கிறார் | ஒன்று அழிந்தால் இந்தக் குளத்தில் மற்றவற்றுக்கு என்ன ஆகும் என்று விளக்குகிறார் |

கண்டதையும் ஊகித்ததையும் பிரிக்கச் சொல்லிப் பழைய பத்தி கேட்கவே இல்லை. கேட்காததற்கு மதிப்பெண் குறைப்பது நியாயமில்லை என்பதால், குளத்துக்குப் புறப்படும் முன்பே அட்டவணையைப் பிள்ளைகளிடம் கொடுப்பது என்று முடிவாயிற்று.

அடுத்து கணக்கு. நான்கு கூறுகள், கூறுக்கு நான்கு என்றால் 16. கவனித்துப் பதிதலை இரட்டிப்பாக்கினால் 20 வந்துவிடும். ஆனால் எல்லாக் கூறிலும் மூன்றாம் நிலையில் இருக்கும் பிள்ளைக்கு 15தான். “நான் கேட்டதையெல்லாம் செய்திருக்கிறாள், அஞ்சு மார்க் எதுக்குக் குறையணும்?” என்றார் தோழி. பத்தியில் இது ஒளிந்தே இருந்தது. நிலையின் எண்ணே மதிப்பெண்ணாக இருக்க வேண்டியதில்லை. மூன்றாம் நிலைக்கு மூன்றரை என்று வைத்தார். அந்தப் பிள்ளைக்குப் பதினேழரை ஆயிற்று.

பயணம் முடிந்து அறிக்கைகள் வந்ததும், பக்கத்து வகுப்பு ஆசிரியரும் தோழியும் ஐந்து நோட்டுகளைத் தனித்தனியே திருத்தினார்கள். கவனித்தலில் ஒத்துப்போனார்கள். படத்தில் மூன்று நோட்டுகளில் முரண்பட்டார்கள். ‘பாகங்கள் பெரும்பாலும் சரி’ என்று எழுதியிருந்தோம். ‘பெரும்பாலும்’ என்பதை ஒருவர் பாதிக்கு மேல் என்றும், மற்றவர் ஒன்றைத் தவிர எல்லாம் என்றும் படித்திருந்தார். ஒரே கட்டத்தில் வரைந்த அழகையும் பாகம் குறித்ததையும் சேர்த்துக் கேட்டிருந்ததால், அழகாக வரைந்து ஒன்றையும் குறிக்காத பையன் எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை. அழகை எடுத்துவிட்டு, எத்தனை பாகம் சரியாக இருந்தால் எந்த நிலை என்று எண்ணிலேயே எழுதினோம். இங்கே எண்ணிக்கை உதவியது.

ஐந்தாவது நோட்டு ஒரு சிறுமியுடையது. ஒரே ஒரு கொக்கைப் பற்றி மூன்று பக்கம்: எவ்வளவு நேரம் ஒற்றைக் காலில் நின்றது, எத்தனை முறை கொத்தியது, எத்தனை முறை மீன் சிக்கியது. கண்டதையும் ஊகத்தையும் கோடு போட்டுப் பிரித்திருந்தாள். ஐந்து உயிரினங்கள் இல்லாததால் அட்டவணைப்படி இரண்டாம் நிலையைத் தாண்ட முடியாது. ஆசிரியர்கள் இருவரும் அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். எல்லாருக்கும் சொன்ன விதி என்பதால் தோழி இரண்டுதான் போட்டார். ஓரத்தில் சிறுமிக்கு நீளமாக ஒரு குறிப்பு எழுதினார். பிறகு, அடுத்த வருடத்துக்கான பிரதியை எடுத்து ‘ஐந்து’ என்ற சொல்லைப் பென்சிலால் அடித்தார். அதன் மேலே என்ன எழுதுவது என்று இன்னும் முடிவாகவில்லை.