நடுவில் நிற்கும் காய்

சீனாவில் பூங்காவின் கல்மேசையைச் சுற்றிப் பெரியவர்கள் கூடி நின்றால், நடுவில் பெரும்பாலும் சியாங்சி ஆட்டம் நடந்துகொண்டிருக்கும். நம் சதுரங்கத்துக்கு உறவுதான். ஆனால் காய்கள் கட்டத்துக்குள் உட்காருவதில்லை. கோடுகள் வெட்டிக்கொள்ளும் 90 புள்ளிகளில் நிற்கின்றன. நடுவே ஓர் ஆறு. இரு பக்கமும் ஒன்பது புள்ளிகள் கொண்ட அரண்மனை. தளபதி அதைவிட்டு வெளியே வர முடியாது.

தேர் நம் ஊர் செஸ்ஸின் யானையைப் போல நேர்கோட்டில் ஓடும். இங்குள்ள யானையோ ஆற்றைத் தாண்டாது. குதிரையின் முதல் அடியில் ஒரு காய் நின்றால் அந்தப் பக்கம் அதற்கு வழியில்லை.

புதியவர்களைத் திணறடிப்பது பீரங்கி. சும்மா நகரும்போது அது தேரேதான். வெட்டும்போது மட்டும், தனக்கும் இரைக்கும் நடுவில் சரியாக ஒரே ஒரு காய் இருக்க வேண்டும். அதைத் தாண்டித்தான் வெட்டும். அந்தக் காய் யாருடையதாகவும் இருக்கலாம். ஆட்டம் தொடங்கும்போதே இதற்கு வாய்ப்பு உண்டு: சிவப்புப் பீரங்கிக்கு நேர் எதிரே கறுப்புப் பீரங்கி, அதற்குப் பின்னால் கறுப்புக் குதிரை. முதல் நகர்த்தலிலேயே குதிரையை வெட்டிவிடலாம். ஆசைப்பட்டு வெட்டினால், மூலையில் நிற்கும் தேர் உடனே பீரங்கியைத் தின்றுவிடும். தொடக்கத்தில் குதிரையைவிடப் பீரங்கிக்கு மதிப்பு அதிகம் என்பதால் இது நஷ்ட வியாபாரம்.

செக்கிலும் இதே விதிதான். அதனால் வழக்கமான தடுப்பு பலிக்காமல் போவதுண்டு. ஒரே கோட்டில் இரண்டு பீரங்கிகள் இடைவெளியின்றி ஒன்றன்பின் ஒன்றாகத் தளபதியைக் குறிவைத்தால், முன்னது பின்னதற்குப் படிக்கல். குறுக்கே ஒரு காயை நுழைத்தால் முன்பீரங்கிக்கு அதுவே படிக்கல் ஆகிவிடும். தளபதி விலக வேண்டும். இல்லையேல் ஒரு பீரங்கியையாவது வெட்ட வேண்டும்.

இன்னொரு விசித்திரம், பறக்கும் தளபதி விதி. இரு தளபதிகளும் ஒரே நெடுங்கோட்டில், இடையில் எந்தக் காயும் இல்லாமல் நேருக்கு நேர் நிற்கக் கூடாது. அப்படி நிற்கவைக்கும் நகர்த்தல் செல்லாது. ஆகவே இருவருக்கும் நடுவில் தனியாக நிற்கும் குதிரை அசையவே முடியாது. தேர் அந்தக் கோட்டிலேயே மேலும் கீழும் போகலாம்.

இந்த விதி தளபதியையே ஆயுதமாக்குகிறது. சிவப்புத் தளபதி காலியான நடுக்கோட்டில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கறுப்புத் தளபதி தன் அரண்மனையின் பின்வரிசை மூலையில் தனியாக இருக்கிறார். சிவப்புத் தேர் அவருடைய கோட்டுக்கு வந்து தூரத்திலிருந்து செக் சொல்கிறது. ஓரடி முன்னே வந்தாலும் தேரின் பாதைதான். பக்கத்தில் நடுக்கோடு, அங்கே சிவப்புத் தளபதியின் பார்வை. தேரை வெட்டவோ மறைக்கவோ கறுப்புக்கு ஆள் இல்லை.

ஒரே தேரில் ஆட்டம் முடிந்தது. நடுக்கோட்டில் எந்த நிறச் சிப்பாயாவது குறுக்கே நின்றிருந்தால், கறுப்புத் தளபதி பக்கத்தில் ஓரடி வைத்துத் தப்பியிருப்பார்.