செத்த காலேஜில் ஒரு வழிகாட்டி

சென்னை எழும்பூர்ப் பொருட்காட்சிசாலைக்கு நகரத்து மக்கள் வெகுகாலம் "செத்த காலேஜ்" என்றே பெயர் வழங்கி வந்தனர். மிருகங்கள் உலாவிய இடம் "உயிர் காலேஜ்". உயிரற்றவை இருந்த இடம் "செத்த காலேஜ்". 1851-ல் தோன்றிய இந்தக் காட்சிசாலையின் வெண்கலச் சிலைக்கூடத்திற்கு ஒரு சனிக்கிழமை காலையில் நாம் சென்றிருந்தோம். சிலைகளைக் காண்பதைவிட, சிலைகளைக் காட்டுபவரைக் காண்பதே நம் நோக்கம்.

வழிகாட்டி ஐம்பது வயதைக் கடந்தவர். குறித்த நேரத்திற்குக் கால் மணி முன்பாகவே வந்து, டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குச் சற்று எட்டினாற்போல் மர நிழலில் நின்றுகொண்டார். அன்று சேர்ந்தவர்கள் பதினொரு பேர். கணவன், மனைவி, இரு குழந்தைகள். கல்லூரி மாணவர் மூவர். குறிப்புப் புத்தகத்துடன் ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர் ஒருவர். தோளில் காமிராவுடன் ஓர் இளைஞர். பிறகு, மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு பாட்டி.

"எல்லோருக்கும் வணக்கம்" என்று தொடங்கியவர், சோழர் காலத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. உட்காருவதற்கு எங்கே இடம் உண்டு, தண்ணீர் எங்கே கிடைக்கும் என்பதைத்தான் முதலில் சொன்னார். இது அற்ப விஷயம் அன்று. அமெரிக்காவில் பாஸ்டன் நகரக் கலைக்கூடத்தைச் சேர்ந்த கில்மன் என்பவர், காட்சிப் பொருள்களைப் பார்ப்பதற்காக ஒரு மனிதர் எப்படியெல்லாம் குனிந்தும் நிமிர்ந்தும் அவதிப்படுகிறார் என்பதைப் புகைப்படங்களாகவே எடுத்து 1916-ல் வெளியிட்டார். கால் வலிக்கத் தொடங்கியபின் காது கேட்பதில்லை.

அடுத்தபடியாக வழிகாட்டி இரண்டே கேள்விகள் கேட்டார். "இங்கே முன்பே வந்தவர்கள் யார்? எத்தனை மணிக்கு நீங்கள் புறப்பட்டாக வேண்டும்?" விவரமாகச் சொல்லட்டுமா, சுருக்கமாகச் சொல்லட்டுமா என்று அவர் கேட்கவில்லை. பின்னர் அதற்குக் காரணம் வினவினோம். "கேட்டால் எல்லோரும் விவரமாகவே சொல்லுங்கள் என்பார்கள். பத்துப் பேர் முன்னிலையில் வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? அதனால் வாயைக் கேட்பதில்லை, காலைப் பார்க்கிறேன்" என்றார்.

அதைப் பார்க்கும் விதமும் எளியதுதான். "என் பேச்சு போதும் என்று தோன்றினால் தாராளமாகத் தனியே சென்று பாருங்கள், நான் வருத்தப்பட மாட்டேன். பதினொன்றே காலுக்கு இதே வாசலில் சந்திப்போம்" என்று அனுமதி கொடுத்துவிட்டு, எல்லோரையும் திருவாலங்காட்டு நடராஜர் முன் நிறுத்தினார். கடைசி ஆள் வந்து சேரும் வரையில் வாயைத் திறக்கவில்லை. பிறகு மூன்று நிமிஷம் பேசினார்: ஒரு கையில் உடுக்கை, ஒரு கையில் அக்கினி, ஒரு கை அபயம், மற்றொரு கை தூக்கிய திருவடியைச் சுட்டுகிறது என்ற அளவில்தான். அதன் பின் அரை நிமிஷம் மௌனம். அந்த மௌனந்தான் அவருடைய பரீட்சை. மாணவர்கள் ஓரடி முன்னால் வந்தனர். காமிரா இளைஞருடைய பாதங்கள் வேறு பக்கம் திரும்பிவிட்டன.

அவரை அப்படியே விட்டுவிடவில்லை. "தம்பி, திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் இங்கேதான் இருக்கிறார். அவருக்கு எத்தனை கைகள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். தனியே உலாவ விரும்புகிறவருக்கு ஒரு பொருள், ஒரு நேரம், ஓர் இடம் ஆகிய மூன்றும் போதும் என்பது அவர் கொள்கை. பொருள் இல்லாமல் அனுப்பினால் கூட்டத்திலிருந்து விலக்கி விட்டாற்போல் இருக்கும். நேரமும் இடமும் சொல்லாவிட்டால் பின்னால் தேடி அலைய நேரும்.

குறிப்புப் புத்தகத்துடன் வந்த பெரியவர் விஷயத்தில் அவர் சிறிது ஏமாந்தார். விவரப் பிரியர் என்று எண்ணி, மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் களிமண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை வார்க்கும் முறையை அவருக்காகவே விரித்துச் சொன்னார். பெரியவரோ தலை நிமிரவே இல்லை. சிலையடியில் எழுதியிருந்த பலகையைப் பிரதி செய்துகொண்டிருந்தார். எழுதுகிறவர் எல்லாம் கேட்கிறவர் அல்லர். "ஐயா, உங்கள் சௌகரியம்போல் நிதானமாக எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று வழிகாட்டி சொன்னதும் அவர் முகத்தில் தோன்றிய நிம்மதியை நாம் கண்டோம்.

பெரிய தவறு பாட்டியின் விஷயத்தில்தான் நேர்ந்தது. அந்த அம்மாள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சுவர் ஓரமாக ஒதுங்கி, கைகூப்பி நின்றார். 'இவர் தரிசனத்திற்கு வந்தவர். இவருக்குப் பேச்சு இடைஞ்சல்' என்று வழிகாட்டி நினைத்தார். மற்றவர்களை அழைத்துக்கொண்டு அடுத்த சிலைக்குப் போய்விட்டார். போனவர் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பாட்டி அதே இடத்தில் அதே நடராஜர் முன்தான் இருந்தார். ஆனால் முகம் மட்டும் இவருடைய குரல் வந்த திசையில் திரும்பியிருந்தது.

உடனே அவர் மாணவர்களையும் குழந்தைகளையும், பீடங்களில் துவாரங்கள் இருக்கின்றனவா, எதற்காக இருக்கக்கூடும் என்று பார்த்து வைக்கும்படி ஏவிவிட்டுத் தனியே திரும்பி வந்தார்.

"பாட்டி, ஏதாவது கேட்க வேண்டுமா?"

"திருவாசி எங்கே அப்பா?"

அன்று கேட்கப்பட்ட கேள்விகளில் இதுவே கூர்மையானது. நடராஜரைச் சூழ்ந்து நிற்க வேண்டிய சுடர் வளையம் இந்தச் சிலைக்கு இல்லை. அது தனியே வார்த்துப் பீடத்தில் பொருத்தப்படுவது என்றும், இங்கே அது இல்லாததனால்தான் வீசிய கைகள் வெட்டவெளியில் இவ்வளவு தெளிவாகத் தெரிகின்றன என்றும் வழிகாட்டி விளக்கினார். பாட்டி சிறிது நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "எங்கள் ஊர் நடராஜரை அறுபது வருஷமாய்ச் சேவிக்கிறேன். பட்டும் பூவுமாய்த்தான் பார்த்திருக்கிறேன். அவருக்கு முழங்கால் இப்படி மடங்கியிருக்கும் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது" என்றார்.

"ஏன் பாட்டி, அப்போதே அருகில் வந்து நின்றிருக்கலாமே?"

"சந்நிதியில் நேர் எதிரே நிற்கலாமோ?"

வழிகாட்டி மற்றவர்களையும் அங்கே திரும்ப அழைத்தார். பீடத்துத் துவாரங்களைக் கண்டுவந்த குழந்தைகளுக்கு அவை எதற்கென்று பாட்டியே சொன்னார்: உற்சவத்தில் சுவாமி ஆடாமல் அசையாமல் வீதி வலம் வர வேண்டுமல்லவா, அதற்காகக் கழியும் கயிறும் கோக்கும் இடம். காமிரா இளைஞரும் வந்து சேர்ந்தார். "மூன்று கைகள்! சிவன் பக்கம் இரண்டு, அம்மன் பக்கம் ஒன்று. ஏன்?" என்றார். கேட்க விருப்பமில்லாதிருந்தவர் இப்போது விவரம் கேட்டார்; விவரம் கேட்க வேண்டியவர் என்று நினைத்த பெரியவர் அடுத்த பலகையை எழுதிக்கொண்டிருந்தார்.

எல்லோரும் சென்றபின் தாழ்வாரத்தில் வழிகாட்டியுடன் உட்கார்ந்தோம். "தூரத்தை வைத்து நான் முடிவு செய்துவிட்டேன், அதுதான் பிசகு" என்றார் அவர். "தனியே உலாவ விரும்புகிறவர் வேறு பொருளுக்கு நகர்ந்து போவார். ஒதுங்கி நின்றாலும் அதே பொருளை விட்டு அகலாதவர் ஏதோ கேட்க நினைக்கிறார். கூச்சமாய் இருக்கலாம், காது மந்தமாய் இருக்கலாம், பாட்டிக்குப் போல் வழக்கமாய் இருக்கலாம். ஒவ்வோரிடத்திலும் ஒரு முறை திரும்பிப் பார்த்தால்தான் தெரியும். இன்று திரும்பிப் பார்க்காமல் இருந்திருந்தால், பாட்டி நல்ல தரிசனம் செய்தார் என்று எண்ணிக்கொண்டே நான் வீடு போய்ச் சேர்ந்திருப்பேன்."