டெயில்ஸ்கேல் இணைப்பு

டெயில்ஸ்கேல் என்பது வெவ்வேறு வீட்டு ரௌட்டர்களுக்குப் பின்னால் உள்ள கணினிகளை ஒரே வலையமைப்பில் இருப்பவைபோல் இணைக்கும் வி.பி.என். மென்பொருள் ஆகும். இது வயர்கார்டு என்னும் மறையாக்க நெறிமுறையைப் பயன்படுத்துகிறது. இதற்காக ரௌட்டரில் எந்தப் போர்ட்டையும் திறந்துவைக்க வேண்டியதில்லை.

செயல்படும் முறை

வெளியிலிருந்து தானாக வரும் தரவுப் பொதிகளை வீட்டு ரௌட்டர் தடுத்துவிடும். உள்ளிருந்து சென்ற பொதிக்கு வரும் பதிலை மட்டும் அனுமதிக்கும். இந்த வழக்கமே இங்குப் பயன்படுகிறது.

அ, ஆ என்னும் இரு கணினிகள் வெவ்வேறு வீடுகளில் இருப்பதாகக் கொள்வோம். தன் ரௌட்டரின் வெளி முகவரியையும் போர்ட் எண்ணையும் ஒவ்வொன்றும் ஒரு வெளிச் சேவையகத்திடம் கேட்டு அறிகிறது. பின்னர் ஒருங்கிணைப்புச் சேவையகம் வழியாக அவ்விவரங்களைப் பரிமாறிக்கொண்டு, இரண்டும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஒன்றுக்கொன்று பொதி அனுப்புகின்றன. 'அ' அனுப்பிய முதல் பொதி 'ஆ'வின் ரௌட்டரில் தடுக்கப்படலாம். ஆனால் அது வெளியேறியபோதே 'அ'வின் ரௌட்டர் அதைக் குறித்துக்கொண்டது. எனவே 'ஆ'விடமிருந்து வரும் பொதியை அது பதிலாகக் கருதி உள்ளே விடுகிறது. இவ்வாறு நேரடிப் பாதை உருவாகிறது.

வரம்புகள்

சில ரௌட்டர்கள் ஒவ்வொரு சேருமிடத்துக்கும் வேறு போர்ட் எண்ணைத் தரும். இரு பக்கமும் அத்தகைய ரௌட்டர் இருந்தால், முன்பு அறிந்த எண் பயன்படாது. அப்போது தரவு டெர்ப் என்னும் இடைச் சேவையகம் வழியாகச் செல்லும். மறையாக்கம் நீடிப்பதால் அதனால் உள்ளடக்கத்தைப் படிக்க இயலாது; ஆனால் வேகம் குறையும்.

எந்தப் பாதை அமைந்தது என்பதை அறிய:

```
tailscale ping veedu-pc
```

இங்கு `veedu-pc` என்பது மறுமுனைக் கணினியின் பெயர். விடைகள் அனைத்திலும் `via DERP` என வந்தால் நேரடிப் பாதை அமையவில்லை. முதல் சில விடைகளுக்குப் பின் ஐ.பி. முகவரியும் போர்ட் எண்ணும் தோன்றினால் அமைந்துவிட்டது.