வீட்டு வாடகைப்படியில் எவ்வளவு கழியும்?

மதுரையில் மாதம் 1 லட்சம் சம்பளம் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளம் 50,000, வீட்டு வாடகைப்படி 20,000, மீதி இதர படிகள். அவர் கொடுக்கும் வாடகை 15,000.

பழைய வரிமுறையில் படி முழுவதும் கழியும் என்று நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். கிடைக்கும் படி, அடிப்படைச் சம்பளத்தில் 40 சதவீதம் (சென்னையில் 50), வாடகையில் அடிப்படைச் சம்பளத்தின் 10 சதவீதம் போக மீதி என மூன்றில் எது குறைவோ அதுவே கழியும். இவருக்கு அது மாதம் 10,000, வருடத்துக்கு 1,20,000.

நிலைக்கழிவு 50,000, சம்பளத்தில் பிடிக்கும் பி.எஃப். 72,000 ஆகியவற்றையும் 12 லட்சத்திலிருந்து கழித்தால் வரிக்குரிய தொகை 9,58,000.

புதிய முறையில் நிலைக்கழிவு 75,000 மட்டுமே, மிச்சம் 11,25,000. தொகை கூடினாலும், 2025-26 நிதியாண்டில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரியே இல்லை. பழைய முறையிலோ ஒரு லட்சத்துக்கு மேல் கட்ட வேண்டும்.