40 மில்லி செகண்ட் கெடு

கல்யாண வீடியோ எடிட் செய்யும் நண்பருக்கு ஒரு சந்தேகம். 4கே ஃபைலைப் பிளேயரில் போட்டால் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. அதையே எடிட்டிங் மென்பொருளில் டைம்லைனில் வைத்தால் திக்குகிறது. கம்ப்யூட்டர் ஒன்றுதான், ஃபைலும் ஒன்றுதான். பிறகு ஏன்?

ஃபைல் பெரிது என்பதால்தான் என்று அவர் நினைத்தார். அதைவிட முக்கியமான காரணம், கேமரா படங்களைச் சேமிக்கும் விதம். H.264, H.265 முறைகளில் கேமரா ஒரு பிரேமை மட்டும் முழுப் படமாக எழுதுகிறது. அடுத்து வரும் பத்துப் பதினைந்து பிரேம்களுக்கு, முன்னதிலிருந்து எது மாறியது என்ற குறிப்பை மட்டும் எழுதிவைக்கிறது. மெமரி கார்டில் இடம் மிச்சம். ஆனால் 14ஆவது பிரேமைக் காட்ட வேண்டுமானால், முதல் படத்திலிருந்து தொடங்கி இடையில் உள்ளவற்றையும் அவிழ்த்துக்கொண்டே வர வேண்டும்.

பிளேயருக்கு இது சிரமமில்லை, அது முன்னோக்கி மட்டுமே போகிறது. எடிட்டரோ தாலி கட்டும் இடத்துக்குத் தாவுவார், பின்னால் இழுப்பார், இரண்டு கேமராவை அடுக்கி வைப்பார். நொடிக்கு 25 பிரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் நேரம் 40 மில்லி செகண்ட். அதற்குள் சுமார் 83 லட்சம் புள்ளிகள் கொண்ட ஒரு 4கே படம் தயாராக வேண்டும். கெடு தவறினால் அந்தப் பிரேம் விடுபடும். அதுதான் திக்கல். ஓடவிட்டுக்கொண்டே டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். சிபியூ உச்சத்தில் நிற்க, டிஸ்க் சும்மா இருந்தால், அவிழ்ப்பதில்தான் சிக்கல். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் அது வேறு நோய். ப்ராக்ஸி அங்கே ஓரளவுக்குத்தான் உதவும்.

ப்ராக்ஸி என்பது எடிட்டிங்குக்கு மட்டும் பயன்படும் நகல். ஃபிலிம் காலத்தில் எடிட்டர்கள் நெகட்டிவைத் தொடாமல் பிரிண்ட் போட்டு அதை வெட்டினார்கள். வெட்டு முடிவான பிறகே நெகட்டிவில் கத்தரி பட்டது. இதுவும் அதேதான். நண்பரின் ஒரு மணி நேரக் காட்சி, நொடிக்கு 100 மெகாபிட் கணக்கில், 45 ஜிபி. அதை 1920x1080 அளவில் ப்ரோரெஸ் ப்ராக்ஸியாக மாற்றினால் ஏறக்குறைய 17 ஜிபி. ப்ரோரெஸில் ஒவ்வொரு பிரேமும் தனியாக முழுமையானது, எங்கே தாவினாலும் அந்த ஒன்றை அவிழ்த்தால் போதும். இடம் மிச்சம் என்று ப்ராக்ஸியையும் H.264இல் செய்பவர்கள் உண்டு; புள்ளிகள் குறையும், சங்கிலி அப்படியே இருக்கும்.

பிரீமியரில் கிளிப்புகளைத் தேர்ந்து ரைட் கிளிக் செய்து Proxy, அதில் Create Proxies. ராத்திரி ஓடவிட்டுத் தூங்கிவிடலாம். பிறகு Toggle Proxies பட்டனை அழுத்தினால் நகல், மறுபடி அழுத்தினால் அசல். வெளியே எடுக்கும்போது, நாமாக மாற்றாதவரை, மென்பொருள் அசலைத்தான் எடுத்துக்கொள்ளும். அதனால் அசல் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கை அப்போது செருகியிருக்க வேண்டும். வேறு மென்பொருளில் ப்ராக்ஸி செய்து இணைப்பவர்கள், ஆடியோ சேனல்களின் எண்ணிக்கை அசலோடு பொருந்துகிறதா என்று முதலில் பார்ப்பது நல்லது.

நண்பருக்கு வேலை சரசரவென்று முடிந்தது. டெலிவரிக்கு முந்தைய நாள் அசலுக்கு மாற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: சின்ன நகலில் பளிச்சென்று இருந்த பெண்ணின் முகத்தில் ஃபோகஸ் இல்லை, பின்னால் இருந்த குத்துவிளக்கில் இருந்தது.