எந்தக் கிலோவால் வகுப்பது?

நாகப்பட்டினத்திலிருந்து தங்குகடலுக்குப் போய்வரும் விசைப்படகுக்காரர் ஒருவரிடம், "கிலோவுக்கு என்ன அடக்கம்?" என்று கேட்டால் சட்டென்று பதில் வராது. அவர் எதையும் மறைப்பதில்லை. ஒரே கடல் பயணத்துக்கு 71 ரூபாய் என்றும் சொல்லலாம், 126 ரூபாய் என்றும் சொல்லலாம். இரண்டுமே சரியான கணக்குதான். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு மாதிரிக் கணக்கில் பார்க்கலாம். எண்கள் படகுக்குப் படகு, பருவத்துக்குப் பருவம் மாறும். கணக்கின் போக்கு மாறாது.

இழுவை வலை போடும் படகு, 8 பேர், 7 நாள் பயணம். டீசல் 1,600 லிட்டர். மானிய டீசலும் வெளிச்சந்தை டீசலும் கலந்து லிட்டர் 85 ரூபாய் என்றால் 1,36,000 ரூபாய். ஐஸ் 140 பார், பாருக்கு 100 ரூபாய் வீதம் 14,000. அரிசி, மளிகை, தண்ணீருக்கு இன்னொரு 14,000. எஞ்சின் ஆயில், கயிறு போன்ற சில்லறைச் செலவு 6,000. ஆக 1,70,000 ரூபாய் செலவழித்துவிட்டுத்தான் படகு கரையைவிட்டுக் கிளம்புகிறது. இதில் நூற்றுக்கு 80 ரூபாய் டீசல். மடியில் மீன் விழுந்தாலும் விழாவிட்டாலும் வலையை இழுக்கிற நேரத்துக்கு எஞ்சின் குடித்துக்கொண்டேதான் இருக்கும்.

பாடு 2,400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1,70,000-ஐ 2,400-ஆல் வகுத்தால் கிலோ 71 ரூபாய். துறைமுகத்துப் பேச்சில் பெரும்பாலும் அடிபடுவது இந்த எண்தான். இது பாதிக் கணக்கு.

ஏலத்தில் அந்த 2,400 கிலோவும் ஒரே மீனாகப் போவதில்லை. கணவாய், சங்கரா, இறால் போன்ற நல்ல சரக்கு 1,250 கிலோ, சராசரி 160 ரூபாய்க்குப் போய் 2,00,000 கொடுக்கிறது. பொடிமீன் 600 கிலோ, 70 ரூபாய் வீதம் 42,000. கோழித் தீவனத்துக்கும் மீன் மாவுக்கும் போகும் கழிவு மீன் 400 கிலோ, 20 ரூபாய் வீதம் 8,000. மீதி 150 கிலோவை யாரும் எடுக்கவில்லை. மொத்த வரவு 2,50,000. (ஏலம் பல இடங்களில் கூடைக் கணக்கில் நடப்பதால் இந்தக் கிலோக்களே ஓரளவு கண்மதிப்புதான்.)

ஏலக் கமிஷன் 5 சதவீதம் என்றால் 12,500. அதையும் பயணச் செலவையும் கழித்தபின் மிஞ்சுவது 67,500. பங்கு பிரிப்பது இதிலிருந்துதான். பங்கு முறை ஊருக்கு ஊர் வேறு. நம் படகில் முதலாளிக்கு 60, ஆட்களுக்கு 40 என்று வைத்தால் ஆட்கள் பங்கு 27,000. டிரைவருக்கு இரண்டு பங்கு, மற்ற 7 பேருக்கும் ஆளுக்கு ஒன்று, மொத்தம் 9 பங்கு. ஒரு பங்கு 3,000 ரூபாய். ராப்பகலாக 7 நாள் உழைத்ததற்கு அதுதான்.

முதலாளிக்குக் கிடைத்த 40,500-ம் லாபமல்ல. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. மீதி நாட்களில், கரையில் நிற்கும் நாட்களையும் சேர்த்துப் பார்த்தால், இப்படிப்பட்ட பயணம் ஆண்டுக்கு 30 தேறும். வலை, எஞ்சின் வேலை, தடைக்காலத்தில் படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பது எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 6 லட்சம் என்றால் பயணத்துக்கு 20,000. கடன் வட்டி 12,000. இதைப் பலர் பயணக் கணக்கில் எழுதுவதே இல்லை. அதனால்தான் ஆண்டு முழுக்க லாபமாகத் தெரிந்த படகு, தடைக்காலத்தில் கரையேற்றும்போது கடன்காரப் படகாகிவிடுகிறது.

இப்போது எல்லாவற்றையும் கூட்டினால் செலவு 2,41,500. பிடித்த 2,400 கிலோவால் வகுத்தால் 101 ரூபாய். யாரும் எடுக்காத 150 கிலோவைத் தள்ளினால் 107. கழிவு மீனில் வந்த 8,000-ஐச் செலவில் கழித்துவிட்டு, மனிதர் சாப்பிடும் 1,850 கிலோவால் மட்டும் வகுத்தால் 126.

அப்படியானால் 126 அடக்கமாகும் பொடிமீனை 70-க்கு விற்பது நஷ்டமா? இல்லை. ஆட்டை வெட்டுகிறவர் தலைக்கும் காலுக்கும் தனித்தனியாகக் கொள்முதல் விலை போடுவதில்லை. ஒரே இழுப்பில் வந்த மீனுக்கும் எடையைக் கொண்டு செலவைப் பிரித்தால் தப்பான பதில்தான் வரும். விற்ற பணத்தைக் கொண்டு பிரிப்பதே நியாயம்: ஒவ்வொரு ரூபாய் விற்பனைக்கும் கிட்டத்தட்ட 97 காசு செலவு. அந்தக் கணக்கில் நல்ல சரக்கின் அடக்கம் 155, பொடிமீனின் அடக்கம் 68. கழிவு மீனை முதல் நாட்களில் கடலிலேயே தள்ளிவிட்டு, கடைசி ஓரிரு நாள் விழுந்ததை மட்டும் படகுகள் கொண்டுவருவதும் இதனால்தான். 20 ரூபாய் மீன் ஐஸ் அறையில் 160 ரூபாய் மீனின் இடத்தைப் பிடிக்கக்கூடாது.

விற்காத 150 கிலோவுக்கு வருவோம். அதற்குக் காரணம் பெரும்பாலும் ஐஸ் போட்ட விதம். 1 கிலோ ஐஸ் உருகினால், 30 டிகிரி சூட்டில் வலையிலிருந்து வரும் மீன் ஏறக்குறைய 3 கிலோவை உறைநிலைக்குக் கொண்டுவரும். அப்படிப் பார்த்தால் 2,400 கிலோவுக்கு 800 கிலோ போதும். பார் ஒன்று 50 கிலோ என்றால் ஏற்றியதோ 7,000 கிலோ. மீதி எங்கே போனது? ஐஸ் அறையின் சுவர் வழியாக ஏழு நாளும் இறங்கும் சூட்டைத் தாங்குவதில் போனது. ஆகவே ஐஸ் செலவு கிலோக் கணக்கில் ஏறுவதைவிட நாள் கணக்கில் ஏறுகிறது. முதல் நாள் மீன்தான் கரைக்கு வரும்போது வயதான மீன். அடியில் கிடந்து நசுங்குவதும், உருகிய தண்ணீரில் ஊறுவதும் அதுவே. வயிறு தளர்ந்து, செவுள் சிவப்புப் போய் வெளிறியிருந்தால் ஏலக்காரர் தொட்டுப் பார்க்கவே வேண்டாம்.

கிலோவுக்கு ஐஸ் செலவு 6 ரூபாய்கூட வரவில்லை. 30 பார் குறைத்தால் 3,000 மிச்சம். அதனால் நல்ல சரக்கில் 100 கிலோ கழிவு விலைக்கு இறங்கினால் 14,000 நஷ்டம், அதாவது பயணத்தின் மொத்த ஐஸ் செலவு. மிச்சம் பிடிக்கக்கூடாத இடம் இது.

பாடு குறைந்தால் என்ன ஆகும்? இதே கலவையில் 1,720 கிலோவுக்குக் கீழே வந்தால் டீசல், ஐஸ், மளிகை, கமிஷன் போக மிச்சமே இராது. ஆட்கள் பங்கு பூஜ்யம். துண்டு விழுந்த தொகையை அடுத்த பயணக் கணக்கில் கழிக்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. மற்ற தொழிலில் கூலி என்பது நிலையான செலவு. இங்கே கூலிதான் முதலில் சுருங்கும். ஆகவே கிலோ அடக்கத்தில் ஆட்கள் பங்கு குறைவாகத் தெரிவதைப் பார்த்து, படகு சிக்கனமாக ஓடுகிறது என்று முடிவு கட்டிவிடக்கூடாது. டீசல் லிட்டருக்கு 5 ரூபாய் ஏறினால் பயணத்துக்கு 8,000 கூடுகிறது. அதில் 3,200 ஆட்கள் தலையில் விழுந்து, 3,000 ரூபாய்ப் பங்கு 2,644 ஆகிறது.